சம்பளத்தை மூன்று கணக்காகப் பிரிப்பது: கஞ்சிக்கோடு பக்கம் அடிக்கடி வரும் கேள்விகள்

ஏனுங்க, எனக்கு வர்றதே இருபத்தி நாலாயிரம். அதுக்குப் போய் மூணு கணக்கா? ஒண்ணுலயே வெச்சுப் பார்த்துச் செலவு பண்ணினா ஆகாதுங்களா?

பார்த்துச் செலவு செய்கிறவர்களுக்கு ஆகும். நான் அந்த ரகம் இல்லை, என்னிடம் அட்வான்ஸ் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோரும் இல்லை. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, வாளையாருக்கு அந்தப் பக்கம் எட்டிமடை என்று எல்லைக்கு இரு புறமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மாதம் 20 தாண்டினால் என் மேஜைப் பக்கம் கூட்டம் சேரும். ஏன் பணம் போதவில்லை என்று கேட்டால் பெரிய செலவு எதையும் சொல்லத் தெரியாது.

சங்கதி இதுதான். போனில் பாக்கி பார்த்தால் 18,000 என்று ஒரே எண் தெரிகிறது. அதில் 6,500 வீட்டுக்காரருடையது, 2,950 வண்டித் தவணைக்குரியது என்று அந்த எண் சொல்வதில்லை. பதினெட்டாயிரம் இருக்கிறதே என்று கை நீளுகிறது. வாடகைக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் செலவுக் கணக்கில் தெரிகிற எண் மட்டும் உண்மையாகவே உங்கள் கைச்செலவுப் பணம். இதற்கு மேல் இதில் மந்திரம் ஏதும் இல்லை.

சம்பளம் விழுற கணக்கையே செலவுக்கு வெச்சுக்கிட்டு, வாடகைக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாங்களா?

எல்லோரும் முதலில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். தவறவே கூடாத பணம் எதுவோ, அதை இடம் மாற்றாமல் விடுங்கள். வாடகை, தவணை, மின்கட்டணம் எல்லாம் சம்பளம் விழுகிற கணக்கிலேயே இருக்கட்டும். அங்கிருந்து சேமிப்பும் கைச்செலவும் வெளியே போகட்டும். நீங்கள் ஒரு மாதம் மறந்துவிட்டால் கைச்செலவுப் பணம் போகாமல் நிற்கும், அன்று மாலையே உங்களுக்குத் தெரிந்துவிடும். வாடகைப் பணம் போகாமல் நின்றால் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போதுதான் தெரியும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் சம்பளக் கணக்கும் மாறும். ஒவ்வொரு தடவையும் தவணையின் தானியங்கிப் பிடித்தத்துக்கான உத்தரவை மாற்றி எழுதிக்கொடுப்பது பெரும்பாடு. அவர்கள் சொந்தமாக ஒரு கணக்கை வாடகைக் கணக்காக நிரந்தரமாக வைத்துக்கொண்டு, சம்பளம் வந்த அன்றே மொத்தத்தையும் அதற்கு மாற்றிவிடுவது நல்லது. மாதம் ஒரு தடவை ஒரே ஒரு பரிமாற்றம்.

எதுக்கு எவ்வளவு பிரிக்கறதுங்க? பாதி, முப்பது, இருபதுன்னு சதவீதம் சொல்றாங்களே?

சதவீதத்தை விடுங்கள். வாடகை சதவீதத்தில் வருவதில்லை, ரூபாயில் வருகிறது. எங்கள் ஷெட்டில் வேலை செய்யும் ஒருவருக்கு 2025 பிப்ரவரியில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான்.

முதலில் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டை எடுத்தோம். ஓவர்டைம் இருந்தால் 27,000 தாண்டும், இரண்டு நாள் லீவு போட்டால் இறங்கும். மிகக் குறைந்த மாதம் 23,400. அதைத்தான் சம்பளம் என்று எடுத்துக்கொண்டோம். சராசரி எடுத்தால் குறைகிற மாதமெல்லாம் கணக்கு உடையும்.

அடுத்து, கட்டாமல் இருக்க முடியாதவை. வாடகை 6,500. வண்டித் தவணை 2,950. பிள்ளையின் பள்ளி வேன் 1,200. சமையல் எரிவாயு 900. போன், நெட் சேர்த்து 700. மின்கட்டணம் கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, தமிழ்நாட்டிலும் அப்படித்தான். அவருக்குக் கோடையில் மின்விசிறி ஓயாமல் ஓடியபோது வந்த பில் 1,400. அந்த உச்ச பில்லில் பாதியாக 700 என்று மாதாமாதம் ஒதுக்கினோம். மொத்தம் 12,950. சரி, 13,000 என்று வைத்துக்கொண்டோம். அது வாடகைக் கணக்கில் அசையாமல் இருக்கும்.

மீதி 10,400. கைச்செலவை மாதக் கணக்கில் கொடுத்தால் முதல் பத்து நாளில் மீனும் கறியுமாகப் போய்விடும் என்று அவரே சொன்னார். அதனால் திங்கட்கிழமைதோறும் 1,600 செலவுக் கணக்குக்குப் போகும்படி வங்கிச் செயலியில் நிலையான உத்தரவு போட்டோம். ஐந்து திங்கள் வருகிற மாதத்துக்கும் போதுமாறு 8,000 ஒதுக்கியாயிற்று. எஞ்சிய 2,400 சேமிப்புக்கு, 8-ஆம் தேதி.

இதில் ஒரு சின்ன லாபம் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் வருடத்தில் 4 மாதங்களுக்குத்தான் ஐந்து திங்கள் வரும். மற்ற 8 மாதங்களில் 1,600 செலவாகாமல் வாடகைக் கணக்கிலேயே தங்கும். வருடத்துக்கு 12,800. ஓணத்துக்குத் துணி, வண்டிக் காப்பீடு, ஊர்த் திருவிழாவுக்கு நோம்பிச் செலவு என்று திடீரென்று வருகிறவற்றைத் தாங்குவது அந்தப் பணம்தான்.

வீட்டு ஓனர் 5-ஆம் தேதி கையை நீட்டறார். எங்களுக்குச் சம்பளம் 7-க்குத்தான் வருது. எப்படிப் பிரிச்சாலும் இது எப்படிங்க சரியாகும்?

எனக்கு வருகிற கேள்விகளிலேயே முக்கியமானது இது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்பது சட்டம். வாடகையும் தவணையும் பெரும்பாலும் 5-ஆம் தேதி. இந்த இரண்டு நாள் இடைவெளியில்தான் கைமாற்றும் நகைக்கடனும் ஆரம்பிக்கின்றன. பிரிக்கிற அளவை எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் இது தீராது, ஏனென்றால் இங்கே குறைவது தொகை இல்லை, நாள்.

வழி ஒன்றுதான். வாடகைக் கணக்கு ஒரு மாதம் முன்னால் ஓட வேண்டும். அதாவது இந்த மாதம் வருகிற சம்பளத்தில் ஒதுக்குவது அடுத்த மாத வாடகைக்கு. அதற்கு 13,000 ஒரு தடவை சேர்த்தாக வேண்டும். எங்கள் ஷெட்காரர் சேர்த்தது இப்படி: 2025-இல் பிப்ரவரி, ஏப்ரல், மே, ஜூலை, ஆகஸ்ட் ஐந்தும் நான்கு திங்கள் மாதங்கள். மாதம் 1,600 மிஞ்சியதில் 8,000. மார்ச்சில் ஓவர்டைமோடு 27,100 வந்தது, அதில் 3,700 கூடுதல். ஆக 11,700. செப்டம்பர் 5-ஆம் தேதி திருவோணம், அதற்கு முன்னால் வந்த போனஸில் 1,300 எடுத்து வைத்தார். தீர்ந்தது. மற்ற மாதங்களில் 23,400-க்கு மேலே வந்த சில்லறையை அம்மாவுக்கு அனுப்பினார், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. போனஸ் முழுவதையும் போட்டு ஒரே மூச்சில் முடிக்கலாமே என்றேன். ஓணத்துக்குச் சத்யை வேண்டாமா என்று சிரித்தார். அதுவும் நியாயம்தான்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மாதம் ஒரு நாள் போதும். 4-ஆம் தேதி இரவு வாடகைக் கணக்கில் 13,000-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அடுத்த நாள் வாடகையும் தவணையும் சேர்ந்து 9,450 போகும், 3,550 நிற்கும். 7-ஆம் தேதி சம்பளம் வந்தால் 26,950. அதிலிருந்து சேமிப்பு 2,400, வாரச் செலவு 8,000, மின்சாரம், வேன், எரிவாயு, போன் எல்லாம் 3,500 போனால் மறுபடி 13,050. வட்டம் மூடிக்கொள்கிறது. 4-ஆம் தேதி இரவில் எண் 11,000 என்று காட்டினால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று பொருள், அது எங்கே என்று அன்றே தேடுங்கள்.

பணம் சேரும்வரை என்ன செய்வது என்றால், கடன் கொடுத்த நிறுவனத்தில் தவணைத் தேதியை 10-க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள், புதிதாகக் கையெழுத்து வாங்குவார்கள். வீட்டுக்காரரிடமும் 8-ஆம் தேதி என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சொல்லாமல் 8-க்குக் கொடுப்பதும் சொல்லிவிட்டு 8-க்குக் கொடுப்பதும் ஒன்றில்லை.

பிரிச்சுத்தான் வெச்சேன். ஆனாலும் வாடகைக் கணக்குல காசு குறையுது. யாரு எடுக்கறாங்கன்னே தெரியல.

நீங்களேதான். எனக்கும் நடந்தது. மூன்று கணக்கையும் ஒரே யுபிஐ செயலியில் சேர்த்து வைத்திருந்தேன். செயலியைப் புதிதாக நிறுவியபோது வாடகைக் கணக்கு முதலாவதாக உட்கார்ந்துகொண்டது, நான் கவனிக்கவில்லை. வாளையார் டீக்கடையில் 24, பால் 52, பஸ் ஸ்டாண்டில் பழம் 80 என்று மூன்று வாரம் கியூஆர் அட்டையில் போனைக் காட்டிக் காட்டிப் போட்டதெல்லாம் வாடகைப் பணம். தவணை நாளன்று 1,130 ரூபாய் குறைந்தது. தானியங்கிப் பிடித்தம் இருக்கிற வரைக்கும் எடுத்துக்கொண்டு மீதிக்குக் காத்திருக்காது, முழுதாகத் திரும்பிவிடும். வங்கி ஜிஎஸ்டியோடு 295 பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் 590 போட்டது. டீ குடித்ததற்கு 885 ரூபாய் தண்டம்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். யுபிஐ செயலியில் செலவுக் கணக்கு ஒன்றைத் தவிர மற்ற இரண்டையும் நீக்கினேன். வாடகை வீட்டுக்காரரின் கணக்குக்கு நெட் பேங்கிங் வழியே மாதம் ஒரு முறை போகிறது. யுபிஐ ரகசிய எண் கணக்குக்குக் கணக்கு தனி. ஏதோ காரணத்தால் இரண்டைச் சேர்த்துத்தான் வைக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் வேறு வேறு எண் வையுங்கள். பழக்கத்தில் விரல் செலவுக் கணக்கின் எண்ணை அடிக்கும், பணம் போகாது, அப்போதுதான் மேலே தெரிகிற வங்கிப் பெயரைப் பார்ப்பீர்கள்.

தவணைக்கு முந்தைய நாள் மாலையே பணம் கணக்கில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பிடித்தம் காலையிலேயே வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமையானாலும் வரும். நீங்கள் ஷிப்ட் முடிந்து பணம் போடும் வரை அது நிற்காது.

சேமிப்புக் கணக்கு எந்த மாதிரி இருக்கணும்?

ஏடிஎம் அட்டை கைக்கு எட்டாமலும் யுபிஐ இல்லாமலும். சாதாரண சேமிப்புக் கணக்குக்குப் பல பெரிய வங்கிகளில் இப்போது வட்டி 2.5 சதவீதம்தான், அதனால் வட்டியைப் பார்த்து வங்கியைத் தேட வேண்டாம். அவசரத்துக்கு இரண்டு மாத வாடகை அளவு அதில் சேரட்டும்.

அதற்கு மேல் சேர்வதை மாதாந்திரத் தொடர் வைப்பில் போடலாம். தபால் ஆபீசில் இது 5 வருடத் திட்டம், மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். ஒரு மாதம் கட்டத் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் தண்டம், அது பெரிதில்லை. நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் போய் உயிர்ப்பிக்க வேண்டும். அதனால் கட்டக்கூடிய தொகையைவிடக் கொஞ்சம் குறைத்தே ஆரம்பியுங்கள். எங்கள் ஷெட்காரர் 2,400-இல் 1,500 மட்டும் அங்கே போடுகிறார், 900 கைக்கு எட்டுகிற சேமிப்பில்.

நான் சீட்டு கட்டறேங்க. அதுவே சேமிப்புதானே?

நாம் சீட்டு என்பதை இங்கே மலையாளத்தில் குறி என்பார்கள். 1969-இல் மாநில அரசு தொடங்கிய கேஎஸ்எஃப்இ நடத்தும் சிட்டியும் இந்த வகைதான். சேமிப்புதான், ஆனால் அது இருக்க வேண்டிய இடம் சேமிப்புக் கணக்கு இல்லை, வாடகைக் கணக்கு. சேமிப்பை ஒரு மாதம் குறைத்துக்கொள்ளலாம், சீட்டைக் குறைக்க முடியாது. எடுத்த சீட்டென்றால் அது கடன் தவணைக்குச் சமம்.

இன்னொன்று, ஏலத் தள்ளுபடியால் கட்டுகிற தொகை மாதத்துக்கு மாதம் மாறும். முழுத் தவணையை ஒதுக்கிவிடுங்கள். குறைவாக வந்த மாதத்தில் மிஞ்சுவது அப்படியே கிடக்கட்டும். பக்கத்து வீட்டில் வாயால் பேசி நடத்துகிற சீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருப்பது ரசீது ஆகாது என்பதைத் தவிர.

மூணு கணக்கு வெச்சா மினிமம் பேலன்ஸுன்னு மூணு பக்கமும் பிடிப்பாங்களே?

பார்த்துத் திறந்தால் பிடிக்க மாட்டார்கள். சம்பளக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு இல்லை. எஸ்பிஐ 2020-இலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நிறுத்தியது, 2025-இல் வேறு சில அரசு வங்கிகளும் நிறுத்தின. தனியார் வங்கிகளில் பல இடங்களில் இன்னும் உண்டு. அதனால் செலவுக் கணக்கை அங்கே வைக்காதீர்கள், வாரக் கடைசியில் அது காலியாகத்தான் போகும்.

அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று கேட்டால் எந்த வங்கியிலும் குறைந்தபட்ச இருப்பு இல்லாமல் திறந்து தர வேண்டும். அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆக, சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் போய் இதைக் கேட்காதீர்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் வேலை, வீடு அந்தப் பக்கம். எந்தப் பக்கத்துக் கிளையில ஆரம்பிக்கறதுங்க?

எங்கே வேண்டுமானாலும். கையெழுத்துப் போட, கேஒய்சி புதுப்பிக்க நேரில் போக வேண்டியிருக்கும், அதனால் லீவு நாளில் எட்டுகிற கிளை நல்லது. வேறு வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 தடவை இலவசம், பாலக்காட்டுக்கும் அதுதான் கோயம்புத்தூருக்கும் அதுதான். மேலே போனால் தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிப்பார்கள்.

வேலையை விட்டா சம்பளக் கணக்கு என்ன ஆகும்?

சம்பளம் விழாமல் சில மாதம், பல வங்கிகளில் மூன்று மாதம், போனால் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுவார்கள். குறைந்தபட்ச இருப்பு விதி அப்போது ஒட்டிக்கொள்ளும். தவணை, போன் பில் எதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று பட்டியல் எடுத்து, எல்லாவற்றையும் புதுக் கணக்குக்கு மாற்றிய பிறகு ஒரு மாதம் காத்திருந்து மூடுங்கள். மூடாமல் மறந்துவிட்டால், இரண்டு வருடம் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும்.

வீட்டுக்காரிக்கும் தனியா ஒண்ணு வேணுங்களா?

மளிகையும் காய்கறியும் அவர் வாங்குகிறார் என்றால் வாரப் பணத்தில் அந்தப் பங்கு நேராக அவர் கணக்குக்கே போகட்டும். 1,600-இல் 1,100 அவருக்கு, 500 உங்களுக்கு என்பது போல. ஒரே கணக்கை இரண்டு போனில் பார்த்துக்கொண்டு “இந்த 240 யாரு?” என்று விசாரணை நடத்துவதைவிட இது மேல்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான். ஆனா 20-ஆம் தேதி ஆனா சேமிப்புல இருந்து எடுத்துடறேன்.

ஒரு மாதம் எடுத்தால் அது செலவு. மூன்று மாதம் தொடர்ந்து எடுத்தால் வாரத் தொகைதான் தப்பு, உங்கள் கட்டுப்பாட்டின்மேல் தப்பில்லை. எடுத்த பணம் எதற்குப் போனது என்று வங்கி அறிக்கையைப் பாருங்கள். காய்கறி, பெட்ரோல் என்று சில்லறையாகப் போயிருந்தால் வாரத்துக்கு 1,600-ஐ 1,800 ஆக்குங்கள். ஐந்து வார மாதத்தில் கூடுதலாக ஆயிரம் ரூபாய் வேண்டும், சேமிப்பு 2,400-லிருந்து 1,400 ஆகும். போய்விட்டுத் திரும்பி வருகிற 2,400-ஐவிடத் தங்குகிற 1,400 பெரிய தொகை. ஜூனில் புத்தகமும் சீருடையும், மருந்துக் கடை என்று மொத்தமாக ஒரே பொருளுக்குப் போயிருந்தால் அது வாரச் செலவே இல்லை. வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து வாடகைக் கணக்கில் எரிவாயுவுக்கும் போனுக்கும் கீழே இன்னொரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஷெட்காரரின் பட்டியலில் இந்த வருடம் அப்படிச் சேர்ந்தது மாமியாரின் சர்க்கரை மாத்திரை, மாதம் 640.